‘மருந்து ஏற்றிய மூங்கில்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மூங்கில் பந்தல் மண்டபம் கட்டினோம். 85,000 ரூபாய் ஆயிற்று. “எல்லாம் மருந்து ஏற்றிய மூங்கில் சார், இருபது வருடம் அசையாது” என்றார் ஒப்பந்தக்காரர். ஐந்தாவது மாதம் கால்களின் அடியில் மாவு சலித்துப் போட்டதுபோல மஞ்சள் தூள் குவிந்திருந்தது. கூட்டினேன், மறுநாளும் கிடந்தது. மேலே பார்த்தால் குண்டூசி நுழையும் அளவில் துளைகள். மூங்கில் உளுத்துக்கொண்டிருந்தது.

தருமபுரிக்காரரான தச்சர் ஒருவர் வந்து ஒரு கம்பை அறுத்துக் காட்டினார். உள்சுவர் முழுதும் மாவு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் அந்தச் சிறு வண்டு வருகிறது. வெளித்தோல் கண்ணாடிபோல் வழுவழுப்பானது. மருந்தை மேலே பூசினால் உள்ளே இறங்காது. எங்களுடையதற்குப் பூசியது வெறும் வார்னிஷ். முறையாகச் செய்பவர்கள் 100 லிட்டர் தண்ணீரில் சுமார் 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை மூங்கிலை ஊறவைப்பார்கள். அதற்கு முன் நீண்ட கம்பியால் கணுத் தடுப்புகளைக் குத்தித் துளைப்பார்கள், அல்லது கணுவுக்குக் கணு சிறு துளை போடுவார்கள். இல்லாவிட்டால் கரைசல் உள்ளே போக வழியில்லை.

“கம்பின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள் தம்பி” என்றார். அறுக்காமல் இருந்த கம்பில் வெளிச்சமே வரவில்லை. தோலிலும் வண்டுத் துளைகளைத் தவிர, மருந்து இறங்கப் போட்ட துளை எதுவும் இல்லை. (பச்சை மூங்கிலில் அழுத்தம் கொடுத்து மருந்து செலுத்துவதும் உண்டு; அதில் இந்தச் சோதனை பலிக்காது. ஆனால் என் ஒப்பந்தக்காரரிடம் அந்த இயந்திரம் இருந்ததாக அவரே சொல்லவில்லை.)

வண்டோடு நிற்கவில்லை. கால்களை நேரே கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தார்கள். கான்கிரீட்டுக்கும் மூங்கிலுக்கும் நடுவே மழைநீர் தேங்கி, அடிக்கணு கறுத்து மெத்தென்றாகிவிட்டது. வெண்கார மருந்து நீரில் கரைந்துபோகக்கூடியது. ஆகவே மருந்து ஏற்றிய மூங்கிலுக்கும் கால் தரையைத் தொடக்கூடாது, கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் பீடத்தில் இரும்புக் கம்பியை நட்டு, மூங்கிலை அதன்மேல் செருகியிருக்க வேண்டும்.

மூட்டுகளில் ஆணி அடித்திருந்தார்கள். மூங்கில் நார் நீளவாக்கில் ஓடுவதால் ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும். காய்ந்து சுருங்கியதும் வெடிப்பு விரல் அகலம் ஆகிவிட்டது. துளையிட்டு போல்ட் போட வேண்டும், அதுவும் கணுவுக்கு அருகில். போல்ட் இறங்கும் கண்ணறைக்குள் சிமெண்ட் கலவை நிரப்பினால்தான் இறுக்கும்போது சுவர் நசுங்காது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒப்பந்தக்காரர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. பழைய மூங்கிலை வீட்டில் வைத்தால் வண்டு மற்ற மூங்கிலுக்கும் பரவும் என்று தச்சர் சொன்னதால், எல்லாவற்றையும் அறுத்து எரித்தேன். உள்ளே மருந்து எதுவும் இல்லை அல்லவா, நன்றாகவே எரிந்தது.