பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது: நாங்குநேரிப் பக்கத்து வீட்டில் எர்த் தேடிய அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனபோது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனதைவிட எலக்ட்ரீஷியன்களோடு இருந்த நேரம்தான் அதிகம். நாங்குநேரிப் பக்கம் அம்மா இருக்கும் வீட்டில், பிரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கை பட்டால் சுர்ரென்கிறது. பின்கட்டில் இருக்கும் வாஷிங் மெஷினை ஈரக்காலோடு தொட்டால் இன்னும் கூடுதல்.

அம்மாவிடம் கேட்டேன். "அது கொஞ்ச நாளாவே அப்படித்தான்ய்யா. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு, ஒண்ணும் செய்யாது" என்றாள். அந்தத் தெருவில் வேறு சில வீடுகளிலும் இதே பதில்தான். செருப்புப் போட்டால் உடம்பு வழியாகத் தரைக்கு ஓடும் கரண்ட் குறைகிறது, அவ்வளவுதான். தகட்டில் நிற்கும் வோல்ட்டேஜ் அப்படியே இருக்கிறது.

அந்த வோல்ட்டேஜ் எங்கிருந்து வருகிறது? இப்போது வரும் பிரிட்ஜ், வாஷிங் மெஷின்களில், கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். பெரும்பாலும் அதில் பேஸிலிருந்து வெளித்தகட்டுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு ஒன்று என்று சின்னக் கெப்பாசிட்டர்கள் இணைந்திருக்கும். அவை வழியே எப்போதும் துளி கரண்ட் கசியும். அது எர்த் கம்பியில் இறங்கி மண்ணுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் அறுந்துபோனால் கசிவுக்குப் போக்கிடம் இல்லை; தகடு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் நின்றுவிடும். அரை மில்லி ஆம்பியர் அளவு ஓடினாலே மனிதத் தோலுக்குத் தெரியும். அந்தக் கெப்பாசிட்டர் அதற்கு மேல் பெரிதாக விடாது என்பதால் வெறும் சுர்ரோடு போகிறது.

ஆகவே அந்தச் சுர் பெரும்பாலும் மெஷினின் கோளாறு இல்லை, எர்த் இல்லை என்பதன் அடையாளம். ஆனால் மோட்டார் சுருளின் இன்சுலேஷன் நைந்து கசிந்தாலும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் இருக்கும். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. எர்த் இல்லாத வீட்டில் என்றைக்காவது அந்தச் சுருள் முழுதாகத் தகட்டில் பட்டுவிட்டால், தகடு 230 வோல்ட்டில் நிற்கும், எந்த சுவிட்சும் விழாது. அடுத்துத் தொடுகிறவர்தான் எர்த்.

முதலில் கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். பிரிட்ஜைச் சோதித்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், வயரிங் பாருங்க" என்று போனார். அவர் சொன்னது சரி. அடுத்து வந்த இளவயது எலக்ட்ரீஷியன் தகட்டில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. உடனே "பிளக் பாயிண்ட்ல நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால லூப் அடிச்சிட்டா நின்னுரும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

நிற்கும் என்பது உண்மை. அதனால்தான் இந்த வைத்தியம் பரவியிருக்கிறது. ஆனால் கம்பத்திலோ மெயின் போர்டிலோ நியூட்ரல் ஒரு நாள் கழன்றால், எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்கின் வழியாகப் பேஸ் நியூட்ரல் கம்பிக்கு வரும். அங்கிருந்து லூப் வழியாக நேரே பிரிட்ஜ் தகட்டுக்கு. அப்போது வீட்டில் விளக்கும் எரியாது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பிரிட்ஜைத் திறக்கிறவர் கையில் 230 வோல்ட். வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டேன். இதை அக்கம்பக்கத்தில் யார் செய்து வைத்திருந்தாலும் தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக வந்தவர் பழைய ஒயர்மேன். "அண்ணாச்சி" என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. மீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 காட்டியது. பேஸுக்கும் எர்த் பின்னுக்கும் 130-க்குப் பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 95-க்குப் பக்கம். எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கடைசி எண் ஓரிரு வோல்ட்டில் நிற்க வேண்டும். பிரிட்ஜ் பிளக்கை உருவியதும் வாஷிங் மெஷினில் சுர் குறைந்தது. எர்த் பின்கள் எல்லாம் வீட்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், ஒன்றின் கசிவு எல்லாத் தகடுகளுக்கும் போகிறது.

அப்புறம், "எல்லாப் பிளக்கையும் உருவுங்க தம்பி. அதுக்கப்புறந்தான் பல்பைப் போடுவேன்" என்றார். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பது பழைய சோதனை. எர்த் அறுந்திருக்கும்போது, அந்தப் பல்பின் வழியாகவே பேஸ் எல்லா மெஷின் தகட்டுக்கும் போய்விடும். அதனால்தான் முதலில் உருவச் சொல்கிறார். எல்.இ.டி. பல்பும் இதற்கு உதவாது, துளிக் கசிவிலேயே அது மினுங்கிவிடும். குண்டு பல்பு எரியவே இல்லை.

எர்த் குழாய் இறக்கிய குழியைத் தேடிப் போனால், முற்றத்துக்கு சிமெண்ட் போட்டபோது அதையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால், குழாயில் கம்பியை இறுக்கிய இடம் துருப்பிடித்துத் தனியாகக் கிடந்தது. குழியில் போடும் உப்பே கம்பியையும் அரிக்கும். மேலே மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

எங்கள் பக்கம் செம்மண் கொஞ்ச ஆழம்தான், கீழே சுக்காம்பாறை. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய் முதலில் தோண்டிய இடத்தில் இறங்கவில்லை. துவைகல் தண்ணீர் விழும் தென்னை மூட்டுப் பக்கம் மாற்றித் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கி இறக்கினார்கள். வாயில் ஒரு புனலும், திறந்து பார்க்க மூடியும் வைக்கச் சொன்னேன்.

மறுபடி பல்பு போட்டதும் பளிச்சென்று எரிந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அண்ணாச்சி பல்பு எரியும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வைத்தார்: 13 வோல்ட். பல்பு இழுப்பது சுமார் 0.42 ஆம்பியர். வகுத்தால் எர்த் வழியின் தடை 31 ஓம் வருகிறது. பிரிட்ஜ் தகட்டில் பேஸ் முழுதாகப் பட்டாலும் அதன் வழியே 230-ஐ 31-ஆல் வகுத்த அளவு, ஏழரை ஆம்பியர்தான் ஓடும். கரண்ட் அளவு மீறினால் தானே விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதற்கு விழவே விழாது! பல்பு பிரகாசமாக எரிகிற எர்த்தும் தனியாகக் காப்பாற்றாது என்பதை அங்கேதான் பலர் கவனிப்பதில்லை.

அதனால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால் அது விழுந்துவிடும். 31 ஓம் அதற்குத் தாராளம். விலை 2,000 ரூபாய்க்கு முன்னே பின்னே. சிங்கப்பூரில் 2023 ஜூலை 1 முதல் பழைய வீடுகளுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள்கூட டைல்ஸுக்கு யோசிக்கிற அளவு இதற்கு யோசிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அம்மாவிடம் இரண்டு வேலை சொல்லி வந்திருக்கிறேன். கோடையில் புனலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் அறுந்திருந்தாலும் அமுக்கினால் விழும். எர்த்தைப் பார்க்க வருஷம் ஒரு முறை அண்ணாச்சி வந்து, பிளக்குகளை உருவிவிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் பல்பைக் கொடுப்பதாகப் பேச்சு. இப்போது பல்பு எரியக் கூடாது. கொடுத்த உடனே ஆர்.சி.சி.பி. விழ வேண்டும். விழவில்லை என்றால் மறுபடி குழியைத் திறக்க வேண்டியதுதான்.