ஜோலெட்ரோனிக் ஆசிடா, டெனோசுமாபா? நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் அம்மாவின் முதுகெலும்பு டி-ஸ்கோர் -2.5க்குக் கீழே போய், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் என்று தெரிந்ததும் டாக்டர் இரண்டு ஊசிகளைச் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் இன்னொன்று. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். பலனைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை இது, ஏனென்றால் பெரிய ஆய்வுகளில் இரண்டுமே மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவை எழுபது சதவீதம் போலவும் இடுப்பு முறிவை நாற்பது சதவீதம் போலவும் குறைத்திருக்கின்றன.

வேலை செய்யும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரிக்கும், அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பை நிரப்பும். மாதவிடாய் நின்றபின் அரிப்பு முந்திக்கொள்கிறது, நிரப்புவது பின்தங்குகிறது. ஜோலெட்ரோனிக் ஆசிட், வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் எல்லாம் பிஸ்பாஸ்போனேட் வகை. இவை எலும்பின் கனிமத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அரிக்க வரும் செல் அந்த இடத்தைக் கரைக்கும்போது மருந்தும் அதற்குள் போய், அது உயிரோடிருக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. டெனோசுமாப் எலும்பில் ஒட்டுவதே இல்லை. அரிக்கும் செல் உருவாக 'ரேங்க்-எல்' என்ற புரதத்தின் சமிக்ஞை வேண்டும், அந்தப் புரதத்தை ரத்தத்திலும் திசுக்களிலும் பிடித்து வைக்கும் ஆன்டிபாடி இது.

பிஸ்பாஸ்போனேட் எலும்புக்குள் வருடக்கணக்கில் தங்குவதால், மூன்று வருடம் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு நிறுத்தினாலும் எலும்பு அடர்த்தி மெதுவாகத்தான் இறங்கும். முறிவு அபாயம் மிக அதிகமில்லாதவர்களுக்கு டாக்டர்கள் தைரியமாக இடைவெளி கொடுப்பது அதனால்தான். டெனோசுமாப் ஆறேழு மாதத்தில் உடலைவிட்டுப் போய்விடும். மருந்து இருந்தவரை முழுதாக வளர முடியாமல் காத்திருந்த செல்கள் அப்போது ஒரே நேரத்தில் கிளம்பும், அணையில் தேக்கிய தண்ணீர் மதகு திறந்ததும் பாய்வது போல. அரிப்பு பழைய அளவுக்குத் திரும்புவதோடு நிற்காமல் சில மாதங்களுக்கு அதையும் தாண்டிப் போகிறது.

ஜனவரியில் ஊசி போட்டவர் ஜூலையில் போடவில்லை என்று வையுங்கள். மகளைப் பார்க்க வெளியூர் போய்விட்டார், அல்லது பணம் முடை, அல்லது இப்போது நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ரத்தத்தில் சிடிஎக்ஸ் என்ற அரிப்பு அளவீடு எகிறியிருக்கும், ஆனால் வலி எதுவும் இருக்காது. அடுத்த சில மாதங்களில் குனிந்து வாளியைத் தூக்கும்போது முதுகில் சுரீர் என்று பிடிக்கும், எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனாலும் டெனோசுமாப் ஆய்வில் ஊசியை நிறுத்தியபின் முள்ளெலும்பு உடைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒன்றுக்கு மேல் உடைந்திருந்தது. இதைப் படித்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. அம்மா மாத்திரையையே ஞாபகப்படுத்தினால்தான் போடுவார்.

ஜோலெட்ரோனிக் ஆசிடில் சிரமம் இல்லாமல் இல்லை. முதல் ட்ரிப்ஸுக்கு மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலியும் வந்தன, பாராசிட்டமால் கொடுத்து மூன்றாம் நாள் அடங்கியது. முதல்முறை பலருக்கு இது வரும், அடுத்த வருடங்களில் குறைவு. ட்ரிப்ஸ் ஏற்றும் முன்பே வைட்டமின் டி, கால்சியம் சரியாக இருக்கவேண்டும், பல் பிடுங்கும் வேலை இருந்தால் முடித்துவிட வேண்டும். சிறுநீரகம்தான் முக்கியமான தடை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் என்ற சிறுநீரக அளவீடு 35க்குக் கீழே இருந்தால் இதைப் போடக் கூடாது, அங்கே டெனோசுமாப் பக்கம் போவது நியாயம். ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அதுவும் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்.

அலெண்ட்ரோனேட் விலை குறைவு. ஆனால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்கவேண்டும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஒத்துவராது. டெரிபராடைட் தினசரி ஊசி, இது எலும்பை உண்மையில் கட்டும் வகை. ஏற்கெனவே உடைந்தவர்களுக்கு நல்லது என்கிறார்கள், எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை என்பதால் அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே டெனோசுமாபில் இருப்பவர்கள் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், அதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஊசித் தேதி ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், கடைசி ஊசிக்கு ஆறு மாதம் ஆகும்போது ஜோலெட்ரோனிக் ஆசிடுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றியபின் சிடிஎக்ஸ் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பல வருடம் டெனோசுமாப் போட்டவர்களுக்கு ஒரு ட்ரிப்ஸ் போதாமல் போவதும் உண்டு.