அப்பார்ட்மென்ட் குழு அரட்டையை ஆவணமாக்க எந்த வழி? ஸ்கிரீன்ஷாட், எக்ஸ்போர்ட், பேக்கப், டெலிகிராம்

மதுரை ஐயர் பங்களா பக்கம் 48 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். போர் மோட்டார் காயில் எரிந்துபோகிறது. திரும்பக் கட்ட 18,500 ரூபாய் ஆகும் என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார். பதிலாக நாலைந்து "சரி", ஒரு கட்டைவிரல், ஒரு வாக்கெடுப்பு. ஆறு மாதம் கழித்துப் பொதுக்குழுவில் ஒருவர், "யாரைக் கேட்டு இந்தச் செலவு?" என்கிறார். அப்போது கையில் எது இருந்தால் பதில் சொல்ல முடியும்?

பலரும் முதலில் எடுப்பது ஸ்கிரீன்ஷாட். பார்த்ததும் புரியும், எந்தச் செய்திக்கு யார் பதில் சொன்னார் என்பதும் தெரியும். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது எடுப்பவர் கையில். மேலே இருந்த எதிர்ப்பு ஒன்றை விட்டுவிட்டு எடுத்தால் அது தெரியவே தெரியாது. முழு மாதத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது நடக்காத காரியம்.

கூகுள் டிரைவ் பேக்கப்பை ஆவணம் என்று நம்புவது அடுத்த தவறு. அது அந்த எண்ணில் வாட்ஸ்அப்பைத் திரும்ப நிறுவ மட்டுமே. கோப்பைத் திறந்து படிக்க முடியாது, குழுவின் பகுதியைத் தனியாகப் பிரிக்கவும் முடியாது. செயலாளர் மாறினால் பேக்கப்பும் அவரோடு போய்விடும்.

மிஞ்சுவது வாட்ஸ்அப்பின் எக்ஸ்போர்ட். ஆண்ட்ராய்டில் குழுவுக்குள் மூன்று புள்ளி, `More`, `Export chat`. ஐபோனில் குழுவின் பெயரைத் தொட்டுக் கீழே போனால் `Export chat` இருக்கும். `Without media` எடுத்தால் எழுத்து மட்டும் வரும், ஆண்ட்ராய்டில் படம் இருந்த இடத்தில் `<Media omitted>` என்றிருக்கும். மோட்டார் விஷயத்தில் இப்படி வரும்:

```
14/03/25, 7:42 pm - A1 செயலாளர்: காயில் கட்ட 18,500. சரியா?
14/03/25, 7:44 pm - C4: திருவிழா பந்தலுக்கு ஆளுக்கு 200 போதுமா?
14/03/25, 7:50 pm - B3: சரி
```

B3 "சரி" என்றது காயிலுக்கா, பந்தலுக்கா? குழுவில் அது காயில் செய்தியை இழுத்துப் பதிலளித்தது. எக்ஸ்போர்ட்டில் அந்தத் தொடர்பு போய்விடுகிறது. கட்டைவிரல் போன்ற எதிர்வினைகளும் வருவதில்லை. வாக்கெடுப்பில் எத்தனை பேர் எதற்கு வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கை வரும், யார் வாக்களித்தார்கள் என்பது வராது. அதனால் தீர்மானம் சம்பந்தப்பட்ட வாக்கெடுப்பைத் திறந்து, வாக்களித்தோர் பட்டியலை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எக்ஸ்போர்ட்டோடு சேர்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சரியான இடம் இதுதான். இன்னும் நல்லது, முடிவானதும் செயலாளர் ஒரே செய்தியில் எழுதிவிடுவது: "மோட்டார் காயில், 18,500 ரூபாய், 31 வீடு சம்மதம், 4 எதிர்ப்பு." அந்த ஒரு வரி எந்த எக்ஸ்போர்ட்டிலும் அர்த்தம் மாறாது.

பெயர்கள் இன்னொரு சிக்கல். எக்ஸ்போர்ட் செய்பவரின் தொடர்புப் பட்டியலில் எப்படிச் சேமித்திருக்கிறதோ அப்படித்தான் கோப்பில் வரும். "B2 தண்ணிப் பிரச்சனை" என்று ஒருவரைச் சேமித்து வைத்திருந்தால், சங்கத்தின் ஆவணத்திலும் அதே பெயர். சேமிக்காத எண் வெறும் எண்ணாக வரலாம். சங்கத்துக்கென்று ஒரு போன் இருந்து, அதில் எல்லோரையும் வீட்டு எண்ணோடு சேமித்து, அதிலிருந்தே எப்போதும் எடுப்பதுதான் தீர்வு. தேதி வடிவமும் போனின் அமைப்பைப் பொறுத்தது. 03/04/25 என்பது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ என்று பின்னால் குழம்பாமலிருக்க, கோப்புப் பெயரிலேயே `2025-04` என்று மாதத்தை எழுதிவையுங்கள்.

படங்களோடு எடுப்பதா, இல்லாமலா? மாதாமாதம் எழுத்து மட்டும் போதும் என்பது எங்கள் முடிவு. மின்னஞ்சல் வழியாக எடுக்கும்போது படங்களோடு ஏறக்குறைய 10,000 செய்தி, இல்லாமல் 40,000 என்று வாட்ஸ்அப் வரம்பு சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டினால் பழையவை எச்சரிக்கையின்றி விடுபடும். கோப்பின் முதல் வரியின் தேதியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். காலை வணக்கப் படங்களுக்காக இடத்தை வீணாக்காமல், பில்லும் ரசீதும் இருக்கும் படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் சேருங்கள். வேறொருவர் போனிலிருந்து எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் குழுவில் பின்னால் சேர்ந்தவரானாலோ, அரட்டையை அழித்திருந்தாலோ, அந்தப் பகுதி அவர் கோப்பில் இருக்காது.

டெலிகிராம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே. கணினிச் செயலியில் `Export chat history` கொடுத்து, தேதி வரம்பு வைத்து JSON வடிவில் எடுத்தால் ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் இருக்கும், பதிலுக்கு `reply_to_message_id` இருக்கும். B3 சொன்ன "சரி" எதற்கு என்ற கேள்வியே எழாது. ஆனால் பெரியவர்கள் பலரும் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார்கள். 48 வீட்டில் 20 வீடு மட்டும் டெலிகிராமுக்கு வந்தால் அந்த ஆவணத்துக்கு என்ன மதிப்பு? நிர்வாகக் குழுவின் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் அது பொருத்தம்.

குழுவின் செய்திகளை இப்படிக் கோப்பாக எடுத்து வைக்க உறுப்பினர்களின் சம்மதத்தை எப்படி வாங்குவது? பெரும்பான்மைத் தீர்மானம் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒருவரின் சொந்தத் தகவலுக்கு மற்ற 40 பேர் சம்மதம் சொல்ல முடியாது. 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் இருக்க வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். "பதில் சொல்லாதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்" என்ற வரியைப் போடாதீர்கள். இப்படிக் கேட்கலாம்:

"நமது குழுவின் செய்திகளை 2025 ஏப்ரல் முதல் மாதம் ஒருமுறை எழுத்துக் கோப்பாக எடுத்து, சங்கத்தின் தீர்மானங்களுக்கு ஆதாரமாக மட்டும் 3 ஆண்டு வைத்திருப்போம். செயலாளரும் பொருளாளரும் மட்டும் திறப்பார்கள். சம்மதமா, இல்லையா என்று வீட்டு எண்ணோடு எழுதுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்."

ஒருவர் இல்லை என்றால் அவர் வரிகளை மட்டும் விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் செய்ய வழி கிடையாது. கோப்பில் அவற்றை நீக்கி, "[B4 கேட்டபடி நீக்கப்பட்டது]" என்று எழுதிவிட்டு, மூலக் கோப்பை அழிக்க வேண்டும். நீண்ட செய்தியின் இரண்டாம் வரியில் பெயரோ தேதியோ இருக்காது என்பதால், பெயரைத் தேடி மட்டும் நீக்கினால் பாதி மிச்சமிருக்கும். இந்தச் சிரமத்தைப் பார்க்கும்போது, தீர்மானங்களுக்கென்று தனிக் குழு வைப்பதே மேல். பதிவு செய்யப்படும் என்பதை அதன் விளக்கத்திலேயே எழுதி, சம்மதித்தவர்களை மட்டும் சேர்த்து, அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யலாம். யார் வீட்டு உடம்பு சரியில்லை, வாட்ச்மேனின் ஆதார் நகல் போன்றவை பொதுக் குழுவோடு நின்றுவிடும். குழுவில் `Advanced chat privacy` போட்டிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. போட்டவரைக் கேட்காமல் அதை அணைக்காதீர்கள்.

எழுத்துக் கோப்பை யாரும் நோட்பேடில் திறந்து திருத்திவிடலாம். அதனால் கோப்பு இறுதியானதும், விண்டோஸில் அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் Command Prompt திறந்து இதை ஓட்டுங்கள்:

```
certutil -hashfile 2025-04.txt SHA256
```

ஹாஷ் மதிப்பு எனப்படும் 64 எழுத்துகள் கொண்ட வரி வரும். அதை அன்றே குழுவில் போட்டுவிடுங்கள், எல்லோர் போனிலும் இருக்கும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரி வேறாகிவிடும். பராமரிப்புப் பாக்கி வழக்கு நீதிமன்றம் போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழில் இதே ஹாஷ் மதிப்பைத்தான் எழுத வேண்டும். அந்த வரியை மினிட் புத்தகத்தில் அந்த மாதத் தீர்மானத்துக்குக் கீழே பேனாவால் எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.