கிராம் காட்டும் தராசா, நியூட்டன் காட்டும் தராசா?

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்ட ஒரு செயல்பாடு வழக்கத்தில் இருக்கிறது. ஒரு கல்லைச் சமையலறை மின்னணுத் தராசில் வைத்து, "நிறை 400 கிராம்" என்று எழுதச் சொல்வார்கள். அதே கல்லைச் சுருள்வில் தராசின் கொக்கியில் தொங்கவிட்டு, "எடை 3.9 நியூட்டன்" என்று பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். இரண்டு கருவிகள், இரண்டு அலகுகள் என்று பாடம் முடிந்துவிடும். (இலங்கைப் பாடநூல்களில் திணிவு, நிறை என்று வருபவையே இங்கே முறையே நிறை, எடை.)

இந்தப் பங்கீடு தவறு. சமையலறைத் தராசு நிறையை அளப்பதில்லை. அதுவும் சுருள்வில் தராசைப் போல விசையைத்தான் உணர்கிறது. முகப்பில் மட்டும் கிராம் என்று காட்டுகிறது. ஆகவே எந்தத் தராசு எதை அளக்கிறது என்பதைவிட, எந்தத் தராசு தான் அளப்பதை மறைக்காமல் காட்டுகிறது என்பதே வகுப்பறைக்கு முக்கியம்.

சுருள்வில் தராசில் எல்லாம் கண்முன்னே நடக்கிறது. கல் கீழே இழுக்கிறது, சுருள் நீள்கிறது, எந்தக் கோட்டில் சுருளின் இழுப்பும் கல்லின் எடையும் சமமாகிறதோ அங்கே முள் நிற்கிறது. கல்லை எடுத்துவிட்டு விரலால் கொக்கியை இழுத்தாலும் முள் நகரும். கல் இல்லாமலேயே 2 நியூட்டன் காட்டும் கருவி எதை அளக்கிறது என்று கேட்டால், "இழுப்பை" என்ற பதில் மாணவர்களிடமிருந்தே வரும். ஒரு நிபந்தனை உண்டு: கிராம் அளவுகோல் மட்டும் உள்ள சுருள்வில் தராசை வாங்கக்கூடாது. இரண்டு அளவுகோல்களும் இருந்தால், கிராம் பக்கத்தின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவது நல்லது.

சமையலறைத் தராசில் இதே வேலை உள்ளே நடக்கிறது. தட்டுக்கு அடியில் ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை வளைவுக்கு ஏற்ப மாறுகிறது. தொழிற்சாலையில் நிறை தெரிந்த ஒரு படிக்கல்லை வைத்து, "இவ்வளவு வளைந்தால் 1000 என்று காட்டு" என அதற்குப் பழக்கிவிடுகிறார்கள். புவியீர்ப்பு முடுக்கம் எங்கும் ஒன்றே என்ற அனுமானம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் ஹெல்சிங்கியில் அது ஏறத்தாழ 9.82, சென்னையில் 9.78. அங்கே சரிபார்த்த தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால், 996 கிராம்தான் காட்டும். கல்லிலிருந்து துளியும் குறையவில்லை, கீழ்நோக்கிய இழுப்புதான் குறைந்திருக்கிறது.

ஹெல்சிங்கி போகாமலேயே இதை வகுப்பில் நிரூபிக்கலாம். இரண்டு தராசுகளையும் தனித்தனியே பயன்படுத்தாமல் ஒரே கல்லில் பூட்ட வேண்டும். ஏறக்குறைய 400 கிராம் உள்ள கல்லை நூலால் கட்டி, சமையலறைத் தராசின் மேல் வையுங்கள். நூலின் மறுமுனையை 5 நியூட்டன் வரை அளக்கும் சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டுங்கள். ஒரு மாணவர் சுருள்வில் தராசைச் செங்குத்தாகப் பிடித்து மெல்ல உயர்த்தட்டும். இன்னொருவர் கிராம் எண்ணை வாசிக்கட்டும். கணக்குப்படி வர வேண்டியவை இவை:

0 நியூட்டன்: 400 கிராம்
1 நியூட்டன்: 298 கிராம்
2 நியூட்டன்: 196 கிராம்
3 நியூட்டன்: 93 கிராம்
3.9 நியூட்டன்: கிட்டத்தட்ட சுழியம்

கல் தட்டைவிட்டு இன்னும் எழவில்லை, யாரும் அதை உடைக்கவுமில்லை. ஆனாலும் "நிறை" பாதியாகக் குறைந்ததாகத் தராசு சொல்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டு விளக்கம் சொல்லாமல், கல்லின் பொருளளவு எங்கே போனது என்று மாணவர்களையே வாதிட விடுங்கள். கல்லின் எடையை இரண்டு கருவிகளும் பங்குபோட்டுத் தாங்குகின்றன என்பது புரிந்ததும், மேல் தராசில் ஏறும் ஒவ்வொரு நியூட்டனும் கீழே சுமார் 102 கிராமைக் குறைப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 1 நியூட்டனை 0.102 கிலோவால் வகுத்தால் 9.8 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைப் பலகையில் எழுதிப் போடாமலே பெற்றுவிட்டோம்.

செய்து பார்க்கும்போது எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது. சுருள்வில் தராசில் ஒரு சிறு கோடு 0.1 நியூட்டன் என்றால், அது கீழ்த் தராசின் 10 கிராமுக்குச் சமம். ஐந்து கிராம் முன்பின்னாக வருவது இயல்பு. அதைவிடப் பெரிய பிழை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சாய்வை. நூல் சாய்ந்தால் இழுப்பின் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும். குழாய் வடிவத் தராசில் சுருள் சுவரில் உரசவும் செய்யும். முள்ளை லேசாகத் தட்டியதும் அது வேறு கோட்டுக்கு நகர்ந்தால் உரசல் இருக்கிறது. பாரம் இல்லாதபோதும் முள் சுழியத்துக்குத் திரும்பாமல், திருகியும் சரிசெய்ய முடியாவிட்டால், யாரோ அதை எல்லைக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். அந்தத் தராசை ஒதுக்கிவிடுங்கள். சமையலறைத் தராசின் தொல்லை வேறு மாதிரி. வாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் அது தானாக அணைந்துவிடும். கல் மேலே இருக்கும்போதே மீண்டும் இயக்கினால், அந்தப் பாரத்தையே சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அணைந்தால் கல்லை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லிஃப்ட் உள்ள கட்டடம் கிடைத்தால் சுருள்வில் தராசை மட்டும் கொண்டுபோனால் போதும். லிஃப்ட் மேலே கிளம்பும் கணத்தில் முள் இறங்கிக் கூடுதலாகக் காட்டி, பிறகு பழைய இடத்துக்கு வரும். சமையலறைத் தராசு எண்ணை நிலைப்படுத்திக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால் அந்தத் துள்ளலைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் நிறையை எதைக் கொண்டு காட்டுவது? பழைய இருதட்டுத் தராசு இதற்கு உதவும். கல்லையும் படிக்கல்லையும் அது ஒப்பிடுகிறது. இழுப்பு குறைந்தால் இரண்டு தட்டுகளிலும் ஒரே விகிதத்தில் குறையும். நிலவில் நம் கல்லுக்குச் சமையலறைத் தராசு சுமார் 66 கிராம் காட்டும், சுருள்வில் தராசு 0.65 நியூட்டன் காட்டும், இருதட்டுத் தராசில் அதே 400 கிராம் படிக்கல்தான் தேவைப்படும். ஆனால் சுற்றுப்பாதையில் மிதக்கும் விண்கலத்தில் இதுவும் உதவாது. 1973-இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்தில் விண்வெளி வீரர்களின் நிறையை அளக்க, சுருள்வில்லோடு இணைந்து முன்னும் பின்னும் அலையும் இருக்கையைப் பயன்படுத்தினார்கள். நிறை கூடக் கூட அலைவு மெதுவாகும். வகுப்பில் இதற்கு இணையாக, நிரம்பிய தண்ணீர் பாட்டிலையும் காலி பாட்டிலையும் நீளமான கயிறுகளில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம். பாரத்தைக் கயிறு தாங்குகிறது. ஆனாலும் நிரம்பிய பாட்டில் கிளம்பவும் நிற்கவும் மறுக்கும்.

ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் 5 நியூட்டன் சுருள்வில் தராசை வாங்குங்கள். சமையலறைத் தராசை யாராவது ஒரு மாணவர் வீட்டிலிருந்து ஒருநாள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். அதைச் சுருள்வில் தராசோடு பூட்டும் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும்தான் அது தேவை.