பன்ச்-இன்னா, இரண்டாவது கேமராவா?

ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோவில் கடைசிவரை ஒரே ஃப்ரேம் என்றால் கண் சலித்துவிடும். தடுமாறிய இடத்தை வெட்டினாலோ தலை துள்ளும். இதைச் சரிக்கட்ட இன்னொரு கேமரா வைக்கலாம். அல்லது 4கே-யில் ஒரே வைட் ஷாட் எடுத்து, 1080பி டைம்லைனில் அதையே பெரிதாக்கி க்ளோஸ் ஷாட்டாகக் காட்டலாம். அதுதான் பன்ச்-இன். தானே எடுத்துத் தானே எடிட் செய்பவருக்கு என் பரிந்துரை பன்ச்-இன்தான். என் வீடியோக்களுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

4கே ஃப்ரேமின் அகலம் 3840 பிக்சல், 1080பி-யின் அகலம் 1920. ஆகவே இரண்டு மடங்குவரை பெரிதாக்கினாலும் திரையில் இருப்பது கேமரா பதிவு செய்த பிக்சல்தான். முகம் எப்படித் தெரியும் என்பது கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி எடுத்த ஷாட்டை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், அதே இடத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. லென்ஸ் வைத்து எடுத்த அளவில் முகம் வரும். கிடைக்காதது கோணம் மட்டுமே.

அந்தக் கோணத்துக்கு இரண்டாவது கேமரா கேட்கும் விலை அதை வாங்கும் பணத்தோடு முடிவதில்லை. ஒவ்வொரு வீடியோவிலும் அது வேலை வைக்கும். பெயரளவுக்கு நகர்த்தி வைத்தால் பயனில்லை, முதல் கேமராவிலிருந்து 30 டிகிரியாவது விலக வேண்டும். விலகினால் அறையின் இன்னொரு சுவர் ஃப்ரேமுக்குள் வரும். அதையும் ஒழுங்குபடுத்தி வெளிச்சம் போட வேண்டும். இரண்டும் வேறு வேறு நிறுவனக் கேமராக்கள் என்றால், ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் பூட்டினாலும் தோல் நிறம் ஒன்றில் சிவந்தும் மற்றொன்றில் மஞ்சளடித்தும் நிற்கும். ஜன்னல் வெளிச்சம் மாறும்போதெல்லாம் அந்தப் பொருத்தம் திரும்பவும் குலையும். இரண்டாவது கேமரா மொபைலாக இருந்தால் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. தொடக்கத்தில் கைதட்டி ஒத்திசைத்த உதடும் குரலும் நீண்ட பதிவின் கடைசியில் விலகியிருக்கும். பன்ச்-இன்னில் இந்தச் சிக்கல் எதுவும் எழவே எழாது. வைட்டுக்குச் செய்த கலர் கரெக்‌ஷன் க்ளோஸுக்கும் அப்படியே போதும்.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். 1.1 மடங்கு பெரிதாக்கினால் கைதவறியதுபோலத் தெரியும். 1.3-க்குக் கீழே போகாதீர்கள், 1.5 நல்ல அளவு. அடுத்தது கண்ணின் உயரம். 1080 பிக்சல் உயர ஃப்ரேமில் வைட்டில் கண் மேலிருந்து 380-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 540, கண் அதற்கு 160 மேலே. ஒன்றரை மடங்கில் அந்த 160 என்பது 240 ஆகும், கண் 300-க்கு ஏறிவிடும். படத்தை 80 பிக்சல் கீழே இறக்கினால், அதாவது எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் Position-இன் இரண்டாவது எண்ணை 540-லிருந்து 620 ஆக்கினால், கண் பழைய உயரத்துக்கே வரும். பார்ப்பவரின் பார்வை அலையாததால் கட் உறுத்தாது. வாக்கியம் தொடங்கும் இடத்தில் வெட்டினால் இன்னும் இயல்பாக இருக்கும்.

பிரீமியரில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. Scale to Frame Size கொடுத்தால் படம் முதலில் 1080-க்குச் சுருங்கி, பிறகு பெரிதாகும். 4கே-யில் எடுத்த பலன் போய்விடும். Set to Frame Size கொடுங்கள். அப்போது Scale 50 என்று காட்டும். அதை 75 ஆக்கினால் ஒன்றரை மடங்கு. 100-ஐத் தாண்ட வேண்டாம்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஃபோகஸ். வைட்டில் தெரியாத சிறு பிசகு க்ளோஸில் அப்பட்டமாகத் தெரியும். ஃபோகஸ் கண்ணில் இல்லாமல் காதிலோ பின்சுவரிலோ நின்றிருந்தால் எடிட்டில் மீட்க முடியாது. அபர்ச்சரை எஃப் 4 அளவில் வைத்து, கண்ணில் ஃபோகஸைப் பூட்டி, சில விநாடி பதிவு செய்து, கேமரா திரையிலேயே பெரிதாக்கிப் பாருங்கள். இமை முடி தனித்தனியாகத் தெரிய வேண்டும். மொபைலில் 1.5 தாங்குமா என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. மங்கிய அறையில் மொபைல் படத்தில் விழும் புள்ளி இரைச்சலைத் துடைக்கும்போது தோலின் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். பெரிதாக்கினால் முகம் மெழுகு பூசியதுபோல இருக்கும். அங்கே 1.3-உடன் நிறுத்துவது நல்லது.

4கே-யிலேயே வெளியிடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பெரிதாக்க மிச்சப் பிக்சல் இல்லை. இருவர் பேசும் நேர்காணலுக்கும் இரண்டாவது கேமராதான் சரி. ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை நேராகக் காட்ட, பக்கவாட்டில் இருவரையும் அடக்கிய ஒற்றை வைட் உதவாது.