பானையா தூணா: சாராயத்தின் குணத்தை எது தீர்மானிக்கிறது?

பானை வடிகலனில் இறக்கினால் குணமுள்ள சரக்கு, தூண் வடிகலனில் இறக்கினால் வெறும் ஸ்பிரிட் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கியையும் வோட்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது சரிதான். ஆனால் பிரான்சின் கோன்யாக்கையும் அர்மான்யாக்கையும் எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டுமே திராட்சை ஒயினிலிருந்து வடிக்கும் பிராந்தி. கோன்யாக் பானையில் இரண்டு முறை வடிக்கப்படுகிறது. அர்மான்யாக் பெரும்பாலும் தூணில் ஒரே முறைதான். இருந்தும் முரட்டுத்தனமும் கனமும் அதிகம் இருப்பது தூணில் இறங்கிய அர்மான்யாக்கில்தான். ஏன் என்று பார்த்தால் இரண்டு கலன்களும் உண்மையில் என்ன செய்கின்றன என்பது புரிந்துவிடும்.

முதலில் பானை. கோன்யாக்கில் சுமார் 9 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினைச் செம்புப் பானையில் ஊற்றி, அடியில் நேரடித் தீ வைத்துக் காய்ச்சுகிறார்கள். முதல் வடிப்பில் 30 சதவீதத்தை ஒட்டிய கலங்கலான திரவம் கிடைக்கும். அதை மறுபடி பானையில் ஏற்றி இரண்டாம் முறை வடிப்பார்கள். வேலையின் சூட்சுமம் இங்கேதான். முதலில் வருவது தலை: அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் போன்றவை நிறைந்து மூக்கைக் குத்தும். அளவில் கொஞ்சம்தான், அதை ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் நடுப்பகுதி, அதுதான் பீப்பாய்க்குப் போவது. வருகிற திரவத்தின் வலிமை 60 சதவீதத்தை ஒட்டி இறங்கியதும் குழாயை மாற்றிவிடுவார்கள். மிச்சம் வரும் வால் அடுத்த வடிப்பில் கலக்கப்படும். இப்படிப் பிடித்த நடுப்பகுதியின் சராசரி 70 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும்.

அதாவது பானையில் பிரிப்பது நேரத்தால். எல்லாப் பொருளும் ஒரே குழாய் வழியாகத்தான் வரும், வெவ்வேறு மணியில். மாற்றும் தருணம் தவறினால் சரக்கும் தவறிவிடும். தாமதித்தால் ஈரத்தோல், பழைய வியர்வை போன்ற வாடை ஏறும். அவசரப்பட்டு முன்னதாகவே வெட்டினால் சுத்தமாக இருக்கும், ஆனால் ஆழம் போய்விடும். தலை முடிந்ததைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்தில் அழகான ஒரு பழைய சோதனை உண்டு. வருகிற திரவத்தோடு தண்ணீர் சேர்த்து 45.7 சதவீதத்துக்கு இறக்குவார்கள். பால் கலந்ததுபோல் மங்கினால் இன்னும் தலைதான். முந்தைய வடிப்பின் முடிவில் குழாய்களில் படிந்த எண்ணெய்த் தன்மையுள்ள எஸ்டர்களைக் கழுவிக்கொண்டு வருவதால் அந்த மங்கல். தண்ணீர் கலந்தும் கண்ணாடிபோல் தெளிவாக நின்றால், நடுப்பகுதி தொடங்கிவிட்டது.

இனி தூண். 1830-ஐ ஒட்டி ஈனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர், கலால் அதிகாரியாக இருந்தவர், இதன் புகழ்பெற்ற வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குச் சற்று முன்பே ராபர்ட் ஸ்டெய்னின் வடிவமும் இருந்தது. உள்ளே துளையிட்ட தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். புளித்த திரவம் மேலிருந்து தட்டுத் தட்டாக வழிந்து இறங்கும், நீராவி கீழிருந்து ஏறும். ஒவ்வொரு தட்டிலும் ஆவி கொஞ்சம் குளிர்ந்து, கொஞ்சம் மறுபடி ஆவியாகி, மேலே போகப் போக வலிமை கூடும். ஒரு தட்டை ஒரு சின்ன வடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நிறுத்தாமல் நாள்கணக்கில் ஓடும் இந்தக் கலனில் தலை வரும் நேரம், வால் வரும் நேரம் என்று எதுவும் இல்லை. தலைக்குரியவை எப்போதும் உச்சியில், வாலுக்குரியவை எப்போதும் கீழே. பிரிப்பது இடத்தால். எந்தத் தட்டில் குழாய் போடுகிறோமோ அதுதான் சரக்கு.

இந்த வேறுபாடு எங்கே கடிக்கிறது என்பதை ஐசோஅமைல் ஆல்கஹாலை வைத்துப் பார்க்கலாம். புளிப்பில் ஈஸ்ட் உண்டாக்கும் இந்தப் பொருள்தான் சாராயத்துக்குக் கனமான, எண்ணெய் கலந்த வாடையைத் தருகிறது. கொதிநிலை 131 டிகிரி செல்சியஸ். எத்தனாலுக்கோ 78. அப்படியென்றால் கடைசியில்தானே வர வேண்டும்? வராது. அதற்குத் தண்ணீர் பிடிக்காது, ஆகவே தண்ணீர் அதிகமுள்ள இடத்தில் எத்தனாலைவிட வேகமாக ஆவியில் ஏறிவிடும். வலிமை நன்றாகக் கூடிய இடத்தில் மட்டும் பின்தங்கும். பானையில் அதைத் தனியாக வெட்ட முடிவதில்லை, நடுப்பகுதியோடு சேர்ந்தே வந்துவிடும். உயரமான தூணில் கீழிருந்து ஏறி, மேலே ஏற முடியாமல் திரும்பி, நடுத்தட்டுகளில் சிக்கிக்கொள்ளும். அங்கே ஒரு பக்கக் குழாய் போட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். அந்தக் குழாயைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அது சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் மேலேறி முழுச் சரக்கையும் கெடுக்கும்.

இப்போது அர்மான்யாக்குக்கு வருவோம். அதன் தூண் குட்டையானது, தட்டுகள் குறைவு. சரக்கு வெளியே வருவது பெரும்பாலும் 52 முதல் 60 சதவீதத்தில். ஐசோஅமைல் ஆல்கஹாலைப் பின்னே தள்ளும் அளவுக்கு வலிமை அந்தத் தூணில் உருவாவதே இல்லை. போதாததற்கு, ஆவி ஒயினுக்குள்ளேயே குமிழியிட்டு ஏறும்போது அதன் வாசனைகளையும் வாரிக்கொண்டு வருகிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். 9 சதவீத ஒயின் 1000 லிட்டரில் சுத்த ஆல்கஹால் 90 லிட்டர். இழப்பை விட்டுவிட்டுத் தோராயமாகப் போட்டால், 70 சதவீதத்தில் எடுக்கும் கோன்யாக் சுமார் 129 லிட்டர். 55 சதவீதத்தில் எடுக்கும் அர்மான்யாக் சுமார் 164 லிட்டர். வோட்காவுக்கான 96 சதவீத ஸ்பிரிட் 94 லிட்டர். அதே 90 லிட்டர் ஆல்கஹாலோடு கூடவே வந்த தண்ணீர் முறையே 39, 74, 4 லிட்டர். ஒயினின் வாசனைகளில் பலவும் அந்தத் தண்ணீரோடுதான் பயணம் செய்து வருகின்றன. என் பார்வையில் கலனின் பெயரைவிட, எத்தனை சதவீதத்தில் இறக்கினார்கள் என்ற ஒற்றை எண்தான் அதிகம் சொல்லும். அமெரிக்க போர்பன் விஸ்கி பெரும்பாலும் தூணில்தான் இறங்குகிறது, ஆனால் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அதனால்தான் அதில் தானியத்தின் சுவை நிற்கிறது.

பானைக்கும் இதே தர்க்கம்தான். கழுத்து உயரமானால் ஆவி பாதி வழியில் குளிர்ந்து திரும்பி விழும், அதாவது தட்டு இல்லாமலேயே ஒரு தூணின் வேலை நடக்கும். ஸ்காட்லாந்தின் கிளென்மோரஞ்சி விஸ்கி ஆலையில் பானைகளின் கழுத்துகள் 5 மீட்டருக்கு மேல், சரக்கும் லேசானது. இங்கே செம்பையும் மறக்கக்கூடாது. அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் வாடை தரும் கந்தகச் சேர்மங்களைச் செம்புதான் பிடித்துவைக்கிறது. ஆவி செம்பைத் தொடும் நேரம் குறையக் குறைய அந்த வாடை கூடும். முழுக்க எஃகில் செய்த தூணாக இருந்தாலும் எங்காவது செம்பைப் புகுத்தியே ஆக வேண்டியிருக்கிறது.

கனமாக இறங்கியதற்கு விலையும் உண்டு. இளம் அர்மான்யாக் கரடுமுரடாக இருக்கும், பீப்பாயில் பொறுமையாகக் கிடந்தால்தான் வழிக்கு வரும். 70 சதவீத கோன்யாக் அதைவிடச் சீக்கிரம் மெருகேறும். 96 சதவீத ஸ்பிரிட்டுக்குக் காத்திருக்க எதுவும் இல்லை.

வித்தியாசத்தை உணர நாக்கே வேண்டாம். பீப்பாய்க்குப் போகாத புதுச் சரக்கில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, இரண்டு கைகளையும் தேய்த்து, ஆல்கஹால் ஆவியாகும்வரை பொறுத்து முகர்ந்து பாருங்கள். தூணின் உச்சியில் எடுத்த ஸ்பிரிட் என்றால் உங்கள் கையின் வாசனைதான் வரும். பானையில் இரண்டு முறை வடித்ததில் பூவும் பழமும் மெலிதாக எழும். குட்டைத் தூணில் ஒரே முறை இறங்கியது என்றால், காய்ந்த பிளம், ஈஸ்ட், கொஞ்சம் எண்ணெய் என்று வெகுநேரம் கையைவிட்டுப் போகாது.