டம்மி தலையா, மாடலா, கல்யாண வீடா: மணப்பெண் சிகை அலங்காரத்துக்கு ஆள் எடுக்கும் முன்

அனுபவம் உள்ளவர் என்று வருகிறவர்கள் எல்லாரும் போன் நிறையப் படம் வைத்திருப்பார்கள். அந்தப் படங்கள் கொண்டை போட்டு முடித்த கையோடு எடுத்தவை. நாகர்கோவிலில் எங்கள் பார்லருக்கு ஒருவரை எடுக்க வேண்டி வந்தபோது மூன்று வழிகளை யோசித்தோம்: டம்மி தலையில் செய்யச் சொல்வது, மாடல் ஒருத்தியை உட்கார வைப்பது, நேராகக் கல்யாண வீட்டுக்கே கூட்டிப் போவது. நான் போனது மாடல் வழியில். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

டம்மி தலை மலிவு, நேரமும் மிச்சம். வகிடு நேராக எடுக்கிறாரா, முடியைப் பகுதி பிரிக்கிறாரா, கை வேகம் எப்படி என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நாலைந்து பேர் வந்தால் முதல் சல்லடைக்கு அது போதும். ஆனால் டம்மிக்கு வியர்க்காது, எண்ணெய் வழியாது, பின் குத்தினால் முகம் சுளிக்காது. முடியும் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி.

மாடலைத் தேடும்போது நல்ல அடர்த்தியான முடி வேண்டாம். என் நாத்தனாரை உட்கார வைத்தேன். மெல்லிய, வழுக்குகிற முடி. முந்தின நாள் தலை குளித்தும் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த மாவட்டத்தில் வந்து உட்காருகிற பெண்களில் பாதிப் பேர் தலை இப்படித்தான் இருக்கும். வந்தவர் சீப்பை எடுக்கும் முன், "எப்போ தலை குளிச்சீங்க, தலைவலி வருமா?" என்று கேட்டார். அதுவே நல்ல அறிகுறி.

சொன்ன வேலை ஒன்றுதான்: தாழ்ந்த கொண்டை, சுற்றிலும் தோவாளைப் பிச்சியும் மல்லியும். முடிக்க ஒன்றரை மணி நேரம். முடித்ததும் மார்க் போடக் கூடாது. சோதனையே அதற்கப்புறம்தான். மாடல் நாலு மணி நேரம் அதோடு இருக்க வேண்டும். ஏசி கிடையாது. நடக்கட்டும், சாப்பிடட்டும், பெரியவர்கள் காலில் விழுவதுபோலப் பலமுறை குனிந்து எழட்டும்.

கொண்டை சரிவதற்குக் காரணங்கள் உண்டு. சூடு வைத்துச் சுருட்டிய முடி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பழைய வடிவத்துக்கே திரும்பும். நம் ஊர்க் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். ஈரப் பூவின் எடை கீழே இழுக்கும். எல்லாவற்றையும்விட, பின் எதில் குத்தி நிற்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளே பேக் கோம்பிங் செய்தோ சின்னப் பின்னல் போட்டோ அடித்தளம் இருந்தால் பின் அதைக் கவ்வும். வெறும் மேல்முடியில் செருகினால் வழுக்கி வெளியே வரும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. பார்க்க அழகான கொண்டை. ஒரு மணி நேரத்தில் இடது பக்கப் பூ தொங்கிவிட்டது. "மைனி, காதுக்குப் பின்னால ஒண்ணு குத்துது" என்றாள் நாத்தனார். சாதாரணமாக, இன்னும் நாலு பின்னைச் செருகி, மேலே ஸ்ப்ரேயை அடித்து மூடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. விரலால் தடவிப் பார்த்து, பூவைக் கொண்டையின் மேல்முடியோடு மட்டும் பிடித்திருந்த இரண்டு யு பின்னை உருவினார். அதே இடத்தில் இரண்டு பாபி பின்னை, நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்கும்படி, குறுக்கும் நெடுக்குமாக அடித்தளத்தில் பூட்டினார். குத்தலும் நின்றது. பூ சரிந்ததற்காக அவரைத் தள்ளாமல், சரிசெய்த விதத்துக்காக எடுத்தேன்.

கடைசியில் அவிழ்க்கவும் அவரையே சொல்லுங்கள். குத்திய பின்களை முன்பே எண்ணி வைத்திருந்தால், வெளியே வந்த கணக்கோடு ஒப்பிடலாம். ஸ்ப்ரே பிடித்த சிக்கை நுனியிலிருந்து எடுக்கிறாரா, வேரிலிருந்து இழுக்கிறாரா என்று பாருங்கள். சீப்பில் வேரோடு வந்த முடி தானாக உதிர்ந்ததாக இருக்கலாம். பாதியில் அறுந்த துண்டு முடிகள் நிறைய இருந்தால், அது முரட்டுக் கையின் வேலை.

கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போவதில் ஒரு லாபம் உண்டு. விடியற்காலை அவசரம், போட்டோகிராபர் விரட்டல், அத்தைமார் ஆளுக்கொன்று சொல்வது, இதையெல்லாம் ஒருவர் எப்படித் தாங்குகிறார் என்று வேறெங்கும் தெரியாது. ஆனால் இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணின் தலையைச் சோதனைக்குக் கொடுக்க முடியாது. வந்தவர் பின் எடுத்துக் கொடுத்து நிற்பதோடு சரி. நான் இதை அதிகம் செய்ததில்லை. அதனால் ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன்.

சர்ச் கல்யாணத்துக்கு, அதே மாடலுக்கு நீள நெட்டும் கிரீடமும் வைத்து, நெட்டின் நுனியை யாராவது லேசாக மிதித்தால் சீப்பு நிற்கிறதா என்று பார்க்கலாம். முக்காட்டுக்குள் வருகிற முஸ்லிம் மணப்பெண் அலங்காரத்தில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே கொண்டையின் உயரம் வேறு கணக்கு என்பதால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மாடல் சோதனைக்கு அரை நாளும் பூக்காசும் போகும். வந்தவருக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு என்பதை வரச் சொல்லும்போதே போனில் பேசிவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.